நடைமுறை மூலதன ஒப்படைப்பின் மதிப்பெண் குறித்து

அனுப்புநர்
கயல்விழி,
முதுநிலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு.

பெறுநர்
நிதி மேலாண்மைப் பேராசிரியர்,
வணிகவியல் துறை.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றை மாதிரியாக வைத்து நீங்கள் தந்த நடைமுறை மூலதன ஒப்படைப்பில் எனக்கு 20க்கு 13 வந்திருக்கிறது. குறைந்த 7 மதிப்பெண்ணில் 4 கடனாளிகள் கணக்கிலும் 3 வங்கிக் கடன் கணக்கிலும் போயிருக்கின்றன. காரணம் புரிந்தால் பருவத் தேர்வுக்குத் தெளிவோடு படிப்பேன் என்பதால் எழுதுகிறேன்.

ஆண்டு விற்பனை 144 லட்சம், தேய்மானம் 6 லட்சம் உட்பட மொத்தச் செலவு 120 லட்சம், கடன் தவணை இரண்டு மாதம் என்பவை வினாவில் இருந்த விவரங்கள். நான் தேய்மானத்தைக் கழித்து, 114 லட்சத்துக்கு இரண்டு மாதப் பங்காக 19 லட்சம் என்று கடனாளிகளை மதிப்பிட்டேன். நீங்கள் அதை அடித்துவிட்டு, விற்பனை விலைப்படி 24 லட்சம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்.

இடையில் உள்ள 5 லட்சத்தில் 4 லட்சம் லாபம், 1 லட்சம் தேய்மானம். சரக்கைக் கடனுக்கு அனுப்பிய முதலாளியின் பணம் நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் போயிருக்கிறது. லாபம் அவர் கையிலிருந்து போன பணம் இல்லை. தேய்மானத்துக்காக யாருக்கும் ரொக்கம் கொடுப்பதும் இல்லை. வினாவின் கடைசி வரியும் 'ரொக்கச் செலவு அடிப்படையில் மதிப்பிடுக' என்றே இருந்தது. வங்கி இருப்புநிலைக் குறிப்பில் உள்ள கடனாளிகள் தொகையைத்தான் பார்க்கும் என்பதால் விற்பனை விலையை எடுத்தீர்களா? அப்படியானால் ரொக்கச் செலவு என்ற நிபந்தனை சரக்கு இருப்புக்கு மட்டும்தானா?

இரண்டாவது கணக்கு எனக்கு இன்னும் வருத்தம் தந்தது. டாண்டன் குழுவின் இரண்டாம் முறைப்படி நடப்புச் சொத்துகள் 48 லட்சத்தில் 75 விழுக்காடான 36 லட்சத்திலிருந்து, வங்கிக் கடன் நீங்கலான நடப்புப் பொறுப்புகள் 16 லட்சத்தைக் கழித்து 20 லட்சம் என்று விடை எழுதினேன். நீங்கள் 23.75 லட்சம் என்று திருத்தியிருக்கிறீர்கள். கூடியிருக்கும் 3.75 லட்சம், அந்த 5 லட்சத்தின் 75 விழுக்காடேதான். முறையும் படிகளும் சரியாக இருக்க, முதல் கணக்கின் வேறுபாட்டுக்கே இங்கும் 3 மதிப்பெண் போயிருக்கிறது. கடனாளிகள் விஷயத்தில் உங்கள் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரே காரணத்துக்கு இரண்டு இடங்களில் குறைப்பது சரியா என்று மட்டும் தயவுசெய்து பாருங்கள்.

நீங்கள் வகுப்பில் கரும்பலகையில் இயக்கச் சுழற்சியை வரைந்து காட்டிய பிறகுதான் இந்தப் பாடம் எனக்குப் பிடித்தது. அதனால்தான் மனதில் வைத்துக்கொள்ளாமல் கேட்கிறேன். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் விடைத்தாளுடன் துறை அறைக்கு வரலாமா? வேறு நேரம் வசதி என்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள மாணவி,
கயல்விழி