நரை மறைக்க மாதத் திட்டமும் கணக்கும்: பிப்ரவரி 2026 முதல்

தங்கச்சி, நீ கேட்ட கணக்கு இது. மாசம் ஆயிரத்துக்கு மேல் தலைக்குச் செலவு செய்ய மாட்டேன் என்றாய். வங்கிக் கவுண்ட்டரில் உட்காரும்போது வகிடு வெள்ளையாகத் தெரியக்கூடாது என்றும் சொன்னாய். இரண்டும் நடக்கும். ஆனால் வீடா பார்லரா என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் நடக்காது. கோயம்புத்தூரிலிருந்து நான் மாசாமாசம் ஈரோட்டுக்கு வந்து உனக்குக் கலர் அடித்துவிட முடியாது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை

முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உனக்குக் காதோரமும் முன்நெற்றியும்தான் அதிக நரை, அதனால் மூன்றாவது வாரத்திலேயே கோடு தெரியத் தொடங்கும். பார்லரில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். அப்படிப் போனால் வருஷத்துக்கு 13 தடவை. மாசம் ஒன்று என்று நினைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. உனக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. அதையே நாளாக வைத்துக்கொள். வருஷத்துக்கு 12 தடவையோடு முடியும். நான்கு மாசங்களில் மட்டும் இடைவெளி ஐந்து வாரமாகும், அந்தக் கடைசி வாரத்துக்கு வேர் மறைக்கும் ஸ்டிக் போதும்.

ஒரு தடவைக்கு என்ன ஆகும்

பார்லரில்: உன் வங்கிக்குப் பக்கத்துக் கடையில் வேர் டச்-அப் 1,300 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 65 (2025 செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம்தான், பில்லில் 18 போட்டிருந்தால் கேள்). போக வர ஆட்டோ 160, அடிக்கும் பெண்ணுக்கு 50. மொத்தம் 1,575. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு “முடி ரொம்ப ட்ரையா இருக்கு மேடம், ஒரு ஸ்பா பண்ணிடலாமா” என்று கேட்பார்கள். தலையாட்டினால் இன்னொரு 900. நானும் பார்லரில் வேலை செய்கிறவள்தான், அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வீட்டில்: 60 மி.லி. கலர் ட்யூப் 300 ரூபாய், வேருக்குப் பாதி போதும், ஆக 150. கலரோடு கலக்கும் டெவலப்பர் 45 மி.லி., 32 ரூபாய். கையுறை, வாசலின், பஞ்சு 15. பின்னால் போடும் கண்டிஷனர் 40. மொத்தம் 237, 240 என்று வை. முதல் தடவை மட்டும் கிண்ணம், பிரஷ், நான்கு கிளிப் வாங்க 210.

இதில்லாமல் எந்த வழியில் போனாலும் இரண்டு செலவு உண்டு. கலர் போட்ட முடிக்கான ஷாம்பு, இரண்டு மாசத்துக்கு 380. ஸ்டிக் 350, நான்கு மாசம் வரும்.

| மாசத்துக்கு (ரூபாய்) | பார்லர் மட்டும் | வீடு மட்டும் | கலந்து |
|---|---|---|---|
| கலர் | 1,575 | 240 | 574 |
| ஷாம்பு | 190 | 190 | 190 |
| ஸ்டிக் | 88 | 88 | 88 |
| மொத்தம் | 1,853 | 518 | 852 |

கலந்து என்றால் ஜனவரி, மே, செப்டம்பர் மூன்று மாசம் பார்லர், மற்ற ஒன்பது மாசம் வீடு. 518க்கே முடியுமே என்பாய். முடியும், ஆனால் பின்தலை உன் கைக்கு எட்டாது. கண்ணாடி வைத்துக்கொண்டு தடவினாலும் பிடரியில் திட்டுத் திட்டாக நிற்கும். நான்கு மாசத்துக்கு ஒருமுறை இன்னொருத்தர் கை பட்டால் அது சரியாகிவிடும், நுனியையும் அன்றைக்கே வெட்டிக்கொள்ளலாம். பாப்பா பின்தலைக்கு உதவினால் செப்டம்பர் பார்லரை விட்டுவிடு, 1,335 ரூபாய் மிச்சம்.

மாசம் 900 ரூபாயைத் தனிக் கவரில் போடு. வருஷத்துக்கு 10,800 சேரும், செலவு 10,215. மீதியில்தான் கிண்ணமும் பிரஷும்.

பிப்ரவரி மாசம்

12 வியாழன் காலை: காதுக்குப் பின்னால் கொஞ்சம் கலரைத் தடவிப் பார். 48 மணி நேரம் அரிப்போ சிவப்போ வீக்கமோ வரக்கூடாது. பல வருஷமாகப் போடுகிறவர்களுக்குக்கூட ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். அதனால் ட்யூப் அதேதான் என்றாலும் ஒவ்வொரு தடவையும் பார். அம்மோனியா இல்லை என்று அட்டையில் போட்டிருந்தால் பயமில்லை என்று எண்ணாதே. அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணமான பிபிடி அதிலும் இருக்கும். கறுப்பு மருதாணிப் பொடி என்று விற்பதிலும் அதையே கலப்பதுண்டு.

14 சனி மாலை 4 மணி: முதல் நாள் தலைக்குக் குளிக்காதே. பழைய நைட்டி, ஜன்னல் திறந்திருக்கட்டும், பிளாஸ்டிக் கிண்ணம் (எவர்சில்வர் வேண்டாம்). 30 மி.லி. கலர், 45 மி.லி. 6 சதவீத டெவலப்பர். நிறம் 3ஆம் எண், அடர் பழுப்பு. 1 என்றால் கரிக்கட்டைக் கறுப்பு, உன் முகத்துக்கு விக் வைத்த மாதிரி இருக்கும், போட்டால் எடுப்பதும் பாடு. நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் வாசலின். முதலில் காதோரம், அப்புறம் முன்நெற்றி, வகிடு, கடைசியில் பின்தலை. நரை எங்கே அதிகமோ அங்கே கலர் கூடுதல் நேரம் ஊற வேண்டும், அதனால்தான் இந்த வரிசை. மொத்தம் 35 நிமிஷம். தண்ணீர் தெளியும்வரை அலசு. கலரை நுனிவரை இழுக்காதே. மாசாமாசம் இழுத்தவர்களின் முடி, வேரில் பழுப்பும் நுனியில் மையும் போலக் கிடப்பதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். புருவத்துக்கு இதைத் தொடவே கூடாது.

கலந்தது மீந்தால் கொட்டிவிடு, மறுநாளைக்கு உதவாது. ட்யூப்பில் உள்ள மீதிப் பாதியை மூடி இறுக்கி வை, மார்ச்சுக்கு அதுதான்.

15 ஞாயிறு சிவராத்திரி. தலைக்குக் குளித்தே ஆகவேண்டும் என்றால் வெறும் தண்ணீர், ஷாம்பு இரண்டு நாள் கழித்துத்தான். 20 வெள்ளிக்கு வழக்கம்போல எண்ணெய் வைத்துக் குளி, தேங்காய் எண்ணெயால் ஒன்றும் ஆகாது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி இரண்டு மக் மட்டும் குடிக்கிற தண்ணீராக ஊற்று.

மார்ச் 7 வாக்கில் காதோரம் வெளுக்கும். தினமும் காலையில் ஸ்டிக்கால் இரண்டு இழுப்பு, தலை காய்ந்த பிறகு. மார்ச் 14 இரண்டாம் சனி, அடுத்த சுற்று.

மே மாசம் பார்லருக்குப் போகும்போது

வீட்டு ட்யூப்பின் அட்டையை போனில் படம் எடுத்துக் காட்டு, அதே எண்ணைக் கேள். வேறு எண்ணில் அடித்தால் ஜூனில் உன் வீட்டுக் கலர் பட்டை பட்டையாகத் தெரியும். வேர் மட்டும், நுனி வெட்டு, ஸ்பா கிடையாது என்று உட்காரும் முன்பே சொல்லிவிடு. நுனி வெட்டு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கவரில் நிற்கும் மீதியில் கொடு.

12ஆம் தேதி தடவிய இடத்தில் அரித்தால் 14ஐ விட்டுவிட்டு எனக்கு போன் பண்ணு. முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ எனக்கல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு.