திங்கள், செவ்வாய், புதன்: ஐந்தே பொருளில் மூன்று இரவுச் சாப்பாடு

இந்த வாரம் திங்கள் முதல் புதன் வரை இரவுச் சாப்பாட்டை நானே சமைக்கப் போகிறேன். உப்பு, எண்ணெய், வெங்காயம், தக்காளி, முட்டை, இவ்வளவுதான் பொருள். மிளகாய்த்தூள் கூட இல்லை, அதை வேண்டுமென்றேதான் விட்டேன், ஏனென்றால் முதல் தடவையே ஏழெட்டுத் தூளைப் போட்டு ருசி கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்று எனக்குப் பிடிபடாது. ஐந்து பொருள்தான் என்றால் உப்பு கூடிவிட்டதா, வெங்காயம் வேகவில்லையா என்று நாக்கே சொல்லிவிடும்.

ஞாயிறு மாலை வாங்க வேண்டியது: முட்டை 10 (9 தேவை, ஒன்று கை தவறினால்), பெரிய வெங்காயம் அரை கிலோ, தக்காளி அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட, கடலை எண்ணெய் 200 மில்லி பாக்கெட் ஒன்று, தூள் உப்பு. தக்காளியில் நாட்டுத் தக்காளிதான் வேண்டும், பெங்களூர் தக்காளி கெட்டியாக, புளிப்பில்லாமல் இருக்கும், புதன்கிழமைத் தொக்குக்கு அது சரிப்படாது. ரொம்பப் பழுத்தது இரண்டு, மற்றதெல்லாம் கை வைத்தால் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகப் பொறுக்க வேண்டும், புதனுக்குள் பழுத்துவிடும். அறையில் ஃபிரிட்ஜ் இல்லை, ஆனால் மூன்று நாளுக்கு இதில் எதற்கும் ஃபிரிட்ஜ் தேவையில்லை. முட்டையை வீட்டுக்கு வந்ததும் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டுப் பார்க்க வேண்டும்: அடியில் படுத்தால் புதிது, நின்றால் பழசு ஆனாலும் பரவாயில்லை, மிதந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பாத்திரம்: ஒரு பர்னர் கேஸ் அடுப்பு, மூடியுள்ள நான்ஸ்டிக் கடாய், மரக்கரண்டி, ஒரு எவர்சில்வர் பாத்திரம், கத்தி. கத்தியை ஞாயிறன்றே சாணை பிடித்துவிட வேண்டும். மொக்கைக் கத்தி வெங்காயத்தை நசுக்கும், நசுங்க நசுங்கத்தான் கண் எரியும்.

திங்கள்: அவித்து வறுத்த முட்டை

வேலை முடிந்து வர எட்டு மணி ஆகும். முதல் நாள் களைப்பில் எதுவும் கருகக் கூடாது, அதனால் எளிதானது முதலில்.

எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று முட்டையைக் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சூடாக்குவதை விட இப்படிச் செய்தால் ஓடு எளிதாக உரியும் என்று அக்கா சொன்னாள். போனில் 10 நிமிடம் அலாரம். அதற்கு மேல் விட்டால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் விழும், கெடுதல் இல்லை, ஆனால் மாவு மாதிரி ஆகிவிடும். உடனே பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, அகலமான பக்கத்தில் தட்டி அங்கிருந்து உரிக்க வேண்டும், காற்று அந்தப் பக்கம்தான் இருக்கும்.

முட்டை வேகும்போதே இரண்டு வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து வைக்க வேண்டும். கடாயில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், வெங்காயம், இரண்டு சிட்டிகை உப்பு, மிதமான தீயில் ஓரம் பொன்னிறமாகும் வரை. அதை ஒதுக்கிவிட்டு, பாதியாக வெட்டிய முட்டைகளை மஞ்சள்கரு கீழே படும்படி வைத்து ஒரு நிமிடம் தொடாமல் விட வேண்டும். ஒரு தக்காளியை வட்ட வட்டமாக வெட்டி உப்பு தூவிப் பச்சையாகவே பக்கத்தில் வைத்தால் திங்கள் முடிந்தது.

செவ்வாய்: பொடிமாஸ்

இரண்டு வெங்காயம் பொடியாக, ஒரு தக்காளி பொடியாக, முட்டை மூன்று. நான் கவனிக்க வேண்டியது வரிசை. வெங்காயம் நன்றாகக் குழைந்த பிறகுதான் தக்காளி, முன்னாலேயே போட்டால் தக்காளியின் புளிப்பு வெங்காயத்தை இளக விடாது, எவ்வளவு நேரம் வதக்கினாலும் நறுக் நறுக்கென்றுதான் இருக்கும். அம்மா செய்யும் பொடிமாஸ் ஏன் அப்படி மெத்தென்று இருக்கிறது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வெங்காயத்தோடு உப்பைச் சேர்த்தால் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் வதங்கும், ஏழெட்டு நிமிடம் பொறுமை வேண்டும்.

தக்காளி ஈரம் வற்றிய பிறகு தீயைக் குறைத்து முட்டையை ஊற்ற வேண்டும். முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான், நேராகக் கடாயில் உடைக்கக் கூடாது, ஒன்று கெட்டிருந்தால் எல்லாமே போய்விடும். அரை நிமிடம் கிளறாமல் விட்டு, அடியில் பிடித்ததைப் பெரிய பெரிய துண்டாகப் புரட்ட வேண்டும். ஈரப்பசை கொஞ்சம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து மூடிவிட்டால் கடாயின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். பச்சை முட்டை தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும்.

புதன்: தொக்கில் உடைத்து ஊற்றிய முட்டை

மூன்றில் இதைத்தான் நான் ரொம்ப எதிர்பார்க்கிறேன். அவசரப்படக் கூடாது, முக்கால் மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்க வேண்டும்.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். இரண்டு வெங்காயம் பொடியாக, அரை தேக்கரண்டி உப்போடு, செவ்வாய் பழகின மாதிரியே, ஆனால் இன்னும் கொஞ்சம் நேரம், லேசாகச் சிவக்கும் வரை. காரம் இல்லாத சமையல் இது, இனிப்பு வெங்காயத்திலிருந்துதான் வர வேண்டும், அதனால் இந்தப் பதினைந்து நிமிடத்தைக் குறைத்தால் தொக்கு வெறும் புளிப்பாகிவிடும். அப்புறம் மிச்சமிருக்கும் ஐந்து தக்காளி, நறுக்கியது. மூடி போட்டுப் பத்து நிமிடம், மூடி எடுத்து இன்னும் பத்து நிமிடம். முதலில் தண்ணீராக ஓடும், பிறகு கெட்டிப்படும், கரண்டியால் இழுத்தால் கடாயின் அடி தெரிந்து ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும், அதுதான் அடையாளம். அதற்கு முன்னால் உப்பு பார்க்கக் கூடாது, ஏனென்றால் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே வரும். அரை தேக்கரண்டி அதனால்தான், குறைந்தால் கடைசியில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம், கூடிவிட்டால் இங்கே சரிசெய்ய வேறு பொருள் எதுவும் கையில் இல்லை.

தீயைச் சின்னதாக்கி, கரண்டியின் பின்புறத்தால் மூன்று குழி பண்ணி, குழிக்கு ஒரு முட்டை. மேலே ஒவ்வொரு சிட்டிகை உப்பு, மூடி போட்டு ஆறு ஏழு நிமிடம். வெள்ளைக்கரு பளபளப்பு போய் முழுக்க வெளுத்து, மஞ்சள்கருவும் கெட்டியாக வேண்டும். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் ஆவி போய்விடும், மேல்பக்கம் வேகாது. ஆறாவது நிமிடம் ஒரே ஒரு முறை.

கடாயோடு மேசையில் வைத்து அப்படியே கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். எதுவும் உடையாமல் வந்திருந்தால் பத்தாவது முட்டையும் இருக்கும், அதை நாலாவது குழியாகப் போட்டுவிட வேண்டியதுதான், அன்றைக்கு ஆறு மணிக்கே பசித்திருக்கும். தூங்கப் போகும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று மூன்று நாளும் பார்க்க வேண்டும், அதைச் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.