ரூ. 5,60,615 ஆர்.டி.ஜி.எஸ். (21-01-2026): பில் 412, 419, 427, 433-க்கு வரவு வைக்க வேண்டிய விவரம்

பெறுநர்: முருகேசன், சாயக் கூலி யூனிட்
நகல்: உங்கள் ஆடிட்டர் அலுவலகம்; எங்கள் பர்ச்சேஸ் பிரிவு
இணைப்பு: டி.சி. 1187 நகல், எங்கள் லெட்ஜரில் உங்கள் கணக்கு (01-10-2025 முதல் 21-01-2026 வரை)

வணக்கம் முருகேசன் அண்ணா,

இன்று (புதன்) காலை 11.20-க்கு உங்கள் நடப்புக் கணக்குக்கு (கடைசி நான்கு இலக்கம் 4471) ரூ. 5,60,615 ஆர்.டி.ஜி.எஸ். செய்திருக்கிறோம். யு.டி.ஆர். எண்: IDIBR52026012100417362. இதை எழுதும் நேரத்துக்குள் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். மாலை 4 மணி வரை வரவில்லையென்றால் உடனே கூப்பிடுங்கள், நானே வங்கியில் கேட்டுச் சொல்கிறேன்.

பொங்கல் லீவுக்கு முன்பே சம்பளமும் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கட்டணமும் சேர்ந்து வருகிறது என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் டிசம்பர் மாதத்து நான்கு பில்லையும் ஒரே பேமெண்டாகப் போட்டிருக்கிறோம். மூன்று பில்லுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் 412-க்கு நாளையோடு 45 நாள் முடிகிறது, அதற்காக மற்றவற்றைப் பிரித்து வைப்பதில் அர்த்தமில்லை.

எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்பது கீழே.

| பில் எண் / தேதி | பில் தொகை (ஜி.எஸ்.டி. உட்பட) | டி.டி.எஸ். 1% | மற்ற கழிவு | இன்று அனுப்பியது |
|---|---|---|---|---|
| 412 / 08-12-2025 | 2,27,976 | 1,171 | 1,00,000 (அட்வான்ஸ்) | 1,26,805 |
| 419 / 15-12-2025 | 1,22,199 | 1,164 | 5,819 (நிறுத்தி வைத்தது) | 1,15,216 |
| 427 / 22-12-2025 | 2,61,429 | 2,490 | 13,020 (கிரெடிட் நோட் 31) | 2,45,919 |
| 433 / 29-12-2025 | 75,600 | 720 | 2,205 (நிறுத்தி வைத்தது) | 72,675 |
| மொத்தம் | 6,87,204 | 5,545 | 1,21,044 | 5,60,615 |

ரசீது போடும்போது தயவுசெய்து மொத்தமாக `On Account`-ல் விட்டுவிடாமல், மேலே உள்ளபடி ஒவ்வொரு பில்லுக்கும் `Agst Ref` கொடுத்துப் போடச் சொல்லுங்கள். நவம்பர் பேமெண்ட் அப்படி மொத்தமாகக் கிடந்ததால்தான் நாங்கள் முடித்துவிட்ட பில் உங்கள் ஸ்டேட்மெண்டில் பாக்கி என்று வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

பில் 412: நேவி ப்ளூ, 1,840 கிலோ, கிலோவுக்கு ரூ. 118. இதில்தான் அட்வான்ஸைக் கழித்திருக்கிறோம். டிசம்பர் 1-ஆம் தேதி உங்கள் கைக்கு வந்தது 99,000. எங்கள் கணக்கில் அட்வான்ஸ் 1,00,000. இடையில் உள்ள 1,000 டி.டி.எஸ். அட்வான்ஸ் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டும் என்பது விதி, அதனால் அன்றே பிடித்துவிட்டோம். பில்லின் கூலித் தொகை 2,17,120-க்கு மொத்த டி.டி.எஸ். 2,171. அதில் 1,000 ஏற்கெனவே பிடித்ததால் இப்போது மீதி 1,171 மட்டும். இரண்டு முறை பிடித்துவிட்டோமோ என்று உங்கள் பக்கம் சந்தேகம் வர இடமிருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அட்வான்ஸ் இத்துடன் முழுவதும் முடிந்தது, எதிலும் மிச்சம் இல்லை.

டி.டி.எஸ். எல்லாப் பில்லிலும் ஜி.எஸ்.டி.யைத் தவிர்த்து, கூலித் தொகைக்கு மட்டும் பிடித்திருக்கிறோம். தனிநபர் உரிமையாளர் என்பதால் பிரிவு 194சி-யின் கீழ் 1 சதவீதம். நான்கு பில்லுக்கும் அட்வான்ஸுக்கும் சேர்த்து 6,545. டிசம்பர் கணக்காக ஜனவரி 7-க்குள் கட்டியாயிற்று. மூன்றாம் காலாண்டு ரிட்டர்ன் இம்மாதம் 31-க்குள் போகும், அதன் பிறகு உங்கள் 26ஏஎஸ்-ல் தெரியும். படிவம் 16ஏ பிப்ரவரி 15-க்குள் அனுப்பிவிடுவேன்.

பில் 419: ஆலிவ் கிரீன், 1,265 கிலோ, ரூ. 92. கூலி 1,16,380 முழுவதும் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. 5,819 மட்டும் நிறுத்தியிருக்கிறோம். ஜனவரி 14-ஆம் தேதி வந்த டிசம்பர் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் மற்ற மூன்று பில்லும் இருக்கின்றன, இது மட்டும் இல்லை. விட்டுப்போயிருக்கலாம், அல்லது ஜி.எஸ்.டி. எண் போடாமல் பி2சி-யில் சேர்ந்திருக்கலாம். உங்கள் ஆடிட்டர் டிசம்பர் ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐத் திறந்து ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும். 2பி-யில் வராத வரிக்கு எங்களால் கிரெடிட் எடுக்க முடியாது. டிசம்பருக்கான 3பி-யின் கடைசித் தேதி நேற்றோடு போய்விட்டதால், இனி ஜனவரி ஜி.எஸ்.டி.ஆர்-1-ல், பிப்ரவரி 11-க்குள் சரிசெய்வதுதான் வழி.

அதற்காகப் பிப்ரவரி 14-ஆம் தேதி அடுத்த 2பி வரும்வரை பணத்தைப் பிடித்து வைக்க எனக்கு மனமில்லை. இந்தப் பில்லுக்கு 45 நாள் ஜனவரி 29-ல் முடிகிறது. நீங்கள் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம். அந்தக் கெடு உங்களுக்காகப் போட்ட சட்டம், அதைத் தாண்டினால் எங்களுக்கும் நஷ்டம்தான். எனவே என்ன தவறு, எந்த மாதம் திருத்துகிறோம் என்று உங்கள் ஆடிட்டர் இந்த மெயிலுக்கு ஒரு வரி பதில் போட்டால் போதும், 28-ஆம் தேதியே 5,819-ஐ நெஃப்ட் செய்துவிடுகிறேன். எங்கள் மேனேஜரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

பில் 427: நேவி ப்ளூ, 2,110 கிலோ. கிரெடிட் நோட் 31 (05-01-2026) முழுவதும் இதில் கழிந்திருக்கிறது: ஷேட் மாறிய 310 கிலோவுக்கு கிலோ ரூ. 40 வீதம் 12,400, ஜி.எஸ்.டி. 620, ஆக 13,020. பாடி பேனலையும் கை பேனலையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் தெரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் துணியை உரித்து மறுபடி சாயமேற்றாமல் உள்நாட்டு ஆர்டருக்குத் திருப்பிவிட்டோம், அதனால் இரண்டு பக்கமும் இதற்கு மேல் செலவில்லை. ஷேட் விஷயம் இத்துடன் முடிந்தது. கிரெடிட் நோட்டை ஜனவரி ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் காட்டிவிடுங்கள், நாங்கள் எடுத்த கிரெடிட்டில் 620-ஐத் திருப்பிவிடுகிறோம். டி.டி.எஸ். மட்டும் முழுப் பில்லுக்கும் 2,490 என்றே இருக்கும். கிரெடிட் நோட் வருவதற்கு முன் டிசம்பரிலேயே பில்லைக் கணக்கில் ஏற்றிப் பிடித்தாகிவிட்டது. உங்கள் வரியில் அது வரவாகிவிடும், எங்கும் போகாது.

பில் 433: வெளிர் மஞ்சள், ரூ. 75. பில்லில் 960 கிலோ, டி.சி. 1187-ல் 932 கிலோ. நகல் இணைத்திருக்கிறேன், கோரா எடைக்குக் கீழே உங்கள் குடோன் ஆளின் கையெழுத்தும் நீல முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. அந்த லாட்டில் 48 ரோல். ரோலுக்கு 20 கிலோ என்று பெருக்கினால் சரியாக 960 வருகிறது, எனவே எடைச் சீட்டைப் பார்க்காமல் ரோல் கணக்கில் பில் போட்டிருப்பார்களோ என்று தோன்றுகிறது. உங்கள் எடைச் சீட்டு 960 என்று காட்டினால் அனுப்புங்கள், முழுப் பணமும் வரும். இல்லையென்றால் 28 கிலோவுக்கு 2,100, ஜி.எஸ்.டி. 105, ஆக 2,205-க்கு ஒரு கிரெடிட் நோட் போதும். பிப்ரவரி 12 இதற்குக் கடைசி நாள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் அண்ணா, மனோஜிடம் ஃபைலை எடுக்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் 17-ஆம் தேதி அனுப்பிய ஸ்டேட்மெண்ட். அதில் நாங்கள் தர வேண்டியது 7,03,102 என்று இருக்கிறது. இன்றைய 5,60,615-ஐ வரவு வைத்ததும் உங்கள் கணக்கில் 1,42,487 நிற்கும். அது என்னென்ன என்று பார்த்துவிட்டேன். பில் 441 (09-01-2026) 1,26,378. இது இந்தப் பேமெண்டில் இல்லை, பிப்ரவரி 23-க்குள் டி.டி.எஸ். 1,204 போக 1,25,174 வரும். நிறுத்தி வைத்தவை இரண்டும் சேர்த்து 8,024. மீதி 8,085 முழுவதும் டி.டி.எஸ்.: இந்த நான்கு பில்லின் 6,545, அதோடு நவம்பர் பில் 398-ன் 1,540. அந்த 1,540-ஐத்தான் நீங்கள் பில் 398-ல் 'குறைவாக வந்தது' என்று காட்டியிருக்கிறீர்கள். அது பாக்கி இல்லை. கூலி 1,54,000-க்குப் பிடித்த வரி, உங்கள் பான் எண்ணில் கட்டியது. உங்கள் புத்தகத்தில் இந்த 8,085-ஐ டி.டி.எஸ். வரவேண்டியது என்ற கணக்குக்கு மாற்றி எழுதினால் எங்கள் பெயரில் 1,34,402 நிற்கும். எங்கள் லெட்ஜரில் 1,33,198. 441-க்கான 1,204 மட்டும்தான் வித்தியாசம். அதையும் எழுதிவிட்டால் பைசா மாறாமல் ஒத்துப்போகும்.

இரண்டு பக்கமும் ஒத்த கணக்கு கையில் இருக்கும்போதே கன்ஃபர்மேஷன் வாங்கி வைப்பது நல்லது. மார்ச் இறுதியில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறு மாதத்துப் பில்லைத் தேடுவது உங்கள் ஆட்களுக்கும் எங்களுக்கும் பெரிய பாடு. இணைத்துள்ள லெட்ஜரைப் பார்த்து, சரி என்றால் சீல் வைத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் அனுப்புங்கள். ஏதாவது ஒரு வரி ஒத்துப்போகாவிட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம். எந்த வரி என்று சொன்னால் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் மட்டும் சொல்வதை நாங்கள் ஏற்க மாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். கேன்சல் செய்த செக்கோடு நீங்களே வந்தாலோ, எங்களிடம் உள்ள உங்கள் நம்பருக்கு நான் கூப்பிட்டு உறுதி செய்தாலோ மட்டுமே மாற்றுவோம். யாராவது எங்கள் பெயரில் கணக்கு எண் கேட்டு மெயில் போட்டால் பதில் சொல்லாமல் என்னைக் கூப்பிடுங்கள்.

பேமெண்ட் சம்பந்தமாக என்னிடமும், எடை, ஷேட் சம்பந்தமாக பர்ச்சேஸில் சரவணன் சாரிடமும் பேசலாம். சனிக்கிழமை மதியம் வரை அலுவலகத்தில் இருப்பேன்.

அன்புடன்,
கவிதா
கணக்குப் பிரிவு
அவிநாசி ரோடு அலுவலகம், திருப்பூர்