வாடகை மாற்றம் குறித்து நேரில் பேச நேரம் கேட்டு

டன்லப் ஸ்திரீட்,
லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்.
8 ஜூன் 2026

மதிப்பிற்குரிய சொக்கலிங்கம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் ஆச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் உங்கள் முகவர் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தைப் படித்தேன். இப்போதைய ஒப்பந்தம் ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிகிறது, செப்டம்பர் முதல் மாத வாடகை 6,500 வெள்ளியிலிருந்து 9,000 வெள்ளி ஆகும், சம்மதமா இல்லையா என்று ஜூன் 30க்குள் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஐயா, இந்தத் தொகைக்கு என்னால் சம்மதிக்க முடியாது. அதற்காகக் கடையை விட்டுப் போகிறேன் என்றும் சொல்லவில்லை, வாடகையைக் கூட்டவே கூடாது என்றும் கேட்கவில்லை. நீங்களும் நானும் நேரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. அதற்கு ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2011இல் என் கணவர் இந்தக் கடையை உங்களிடம் எடுத்தபோது ஒப்பந்தப் பேச்சு முழுவதும் உங்கள் வீட்டில்தான் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வாடகை கூடியபோதும் நீங்களே கூப்பிட்டுப் பேசினீர்கள். 2020இல் கோவிட் கட்டுப்பாட்டின்போது மளிகைக்கடை என்பதால் திறந்து வைத்திருந்தோம், ஆனால் தெருவில் ஆளே இல்லை. அப்போது சட்டப்படி கிடைத்த வாடகைச் சலுகைக்கு மேலேயும் நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். அதை நானும் மறக்கவில்லை, என் பிள்ளைகளும் மறக்கவில்லை. நாங்களும் இத்தனை ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைத்ததில்லை. இவ்வளவு பழக்கம் இருந்தும் ஒரு பக்கக் கடிதத்தில் 2,500 வெள்ளி கூடுகிறது என்று படித்தபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். கடையில் இப்போது மாதம் சராசரியாக 48,000 வெள்ளிக்கு விற்கிறது. சரக்குக்கு மட்டும் 30,500 போய்விடுகிறது. மீதி 17,500இல் உங்கள் வாடகை 6,500. வேலை செய்யும் இருவருக்குச் சம்பளம், மத்திய சேம நிதி, வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வை எல்லாம் சேர்த்து 5,800. மின்சாரம், மசாலா அரைக்கும் இயந்திரத்தின் பராமரிப்பு, லாரி வாடகை, பை, அட்டைப்பெட்டி என்று 1,900. கடைசியில் என் கையில் நிற்பது 3,300 வெள்ளி. காலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து இரவு ஒன்பதரைக்கு மூடுகிற எனக்கு அதுதான் சம்பளம், அதுதான் லாபம். வாடகை 9,000 ஆனால் அது 800 வெள்ளியாகிவிடும். 800 வெள்ளிக்கு யாரும் ஒரு கடையை நடத்த முடியாது, ஐயா. பணம் இருந்தும் தர மனமில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

விலையைக் கூட்டி ஈடு கட்டலாமே என்று முகவர் சொன்னார். எந்தச் சாமானின் விலையைக் கூட்டுவது? பொன்னி அரிசியும் துவரம்பருப்பும் இந்தத் தெருவிலேயே நாலு கடையில் கிடைக்கின்றன. முப்பது காசு கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் கூடியபோது, மொத்த வியாபாரிகள் அதை எங்கள் பில்லில் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் அதில் ஒரு பகுதியைத்தான் விலையில் ஏற்ற முடிந்தது. வெளிநாட்டு ஊழியரை வைத்துக்கொள்ள உள்ளூர் ஊழியருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளமும் 2024 ஜூலையில் 1,400இலிருந்து 1,600 வெள்ளி ஆனது. சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு வந்து மாதச் சாமான் வாங்கியவர்களில் பலர் இப்போது ஜோகூருக்குப் போய் வாங்கி வருகிறார்கள். ஜோகூருக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில் இந்த ஆண்டு இறுதிக்குள் ஓடத் தொடங்கும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் மூன்றாண்டு ஒப்பந்தத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வரும். அது வந்தால் வியாபாரம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, அதையும் மனதில் வைத்துத்தான் நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

"இதுதான் மார்க்கெட் ரேட்" என்று முகவர் எழுதியிருக்கிறார். எந்தக் கடைகளோடு ஒப்பிட்டார் என்று கேட்டேன். சிராங்கூன் ரோட்டைப் பார்த்த ஒரு மூலைக் கடையையும் புதிதாக வந்த ஒரு காப்பிக் கடையையும் சொன்னார். நம் கடை தெருவின் நடுவில் இருக்கிறது, முகப்பு ஒற்றைக் கதவு அகலம். பின்னால் மூன்றில் ஒரு பங்கு இடம் சாமான் அடுக்குவதற்குத்தான் பயன்படும், அங்கே வாடிக்கையாளர் வர முடியாது. மேல்மாடியும் நம் வாடகையில் சேராது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் கடை வாடகை விவரங்கள் வெளிவருகின்றன. சந்திக்கும்போது அதை இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். முகவரும் தன்னிடமுள்ள ஒப்பந்த விவரங்களைக் கொண்டுவரட்டும். நியாயமான ஒப்பீடு என்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

கூரை விஷயத்தையும் சொல்ல வேண்டும். காற்றுவெளிக்குப் பக்கத்தில் போன நவம்பரிலிருந்து ஒழுகுகிறது. முகவர் அனுப்பிய ஆள் வந்து பசை பூசிவிட்டுப் போனார். இரண்டு மாதம் தாங்கியது, பிறகு பழையபடி. விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு மழை அடித்தால் உத்தரத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கி, சுவரோரம் சொட்டுகிறது. அரிசி மூட்டைகளை மரப்பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறோம். அப்படியும் ஏப்ரலில் ஆறு மூட்டைகளின் அடிப்பாகம் பூஞ்சை பிடித்துப் போனது. கையை விட்டால் அரிசி கட்டி கட்டியாக வந்தது. அந்தப் படங்கள் என் கைப்பேசியில் இருக்கின்றன, காட்டுகிறேன். பாதுகாக்கப்பட்ட பழைய கடைவீடு என்பதால் கூரை ஓடுகளை மாற்றுகிற வேலையை நானாகச் செய்ய முடியாது, உரிமையாளர்தான் செய்ய வேண்டும். புது வாடகை எதுவாக இருந்தாலும் இந்தக் கூரை முதலில் சரியாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொரு சந்தேகம். இப்போது நான் தரும் வாடகையில் பொருள் சேவை வரி கிடையாது. புதுக் கடிதத்தில் "வரி தனி" என்று இருக்கிறது. நீங்கள் வரிக்குப் பதிவு செய்துவிட்டீர்களா? செய்திருந்தால் 9,000 என்பது 9,810 வெள்ளியாகிவிடும். எங்கள் ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தொடவில்லை, அதனால் நாங்கள் பதிவு செய்யவில்லை, கட்டும் வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, நான் தர முடிந்தது இதுதான். முதல் ஆண்டு மாதம் 7,150 வெள்ளி, இரண்டாம் ஆண்டு 7,400, மூன்றாம் ஆண்டு 7,650. முதல் ஆண்டிலேயே பத்து விழுக்காடு கூடுகிறது. வியாபாரம் இறங்கினாலும் இந்தத் தொகையைத் தவறாமல் கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். கொடுக்க முடியாத தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறாவது மாதத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்க எனக்கு விருப்பமில்லை. முத்திரைத் தீர்வையை வழக்கம்போல் நானே கட்டிவிடுகிறேன். ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடை ஒப்பந்தங்களுக்கு 2024 பிப்ரவரி 1 முதல் நடத்தை விதிகள் சட்டமாகவே இருக்கின்றன. வாடகை எவ்வளவு என்பதை அந்த விதிகள் சொல்வதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் புது ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் அவற்றுக்கு ஏற்ப இருக்க வேண்டும். முகவர் அனுப்பும் நகலைக் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு வாரமாவது என்னிடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

சந்திப்பதற்கு வரும் 15ஆம் தேதி திங்கட்கிழமை அல்லது 17ஆம் தேதி புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எனக்கு வசதி. அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது, என் மகன் கல்லாவில் உட்கார்ந்துகொள்வான். உங்களுக்கு வேறு நாள்தான் தோது என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். கடைக்கே வந்தால் கூரையையும் பார்த்துவிடலாம், மாடிப்படி ஏற வேண்டியதில்லை. முடியாவிட்டால் நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். 2023 முதல் உள்ள கணக்குப் புத்தகங்களையும் மின்சார பில்களையும் கொண்டுவருவேன். முகவர் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நீங்கள் இருக்க வேண்டும், ஐயா. அவரிடம் இரண்டு முறை பேசிவிட்டேன், "ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

இந்தச் சந்திப்பு நடக்கும்வரை எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்போதைய வாடகையை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வழக்கம்போல் செலுத்திவிடுவேன். அதுவரை கடையைப் பார்க்க வெளியாட்களை முன்கூட்டிச் சொல்லாமல் அழைத்துவர வேண்டாம் என்று முகவரிடம் சொல்லுங்கள். போன சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே இருவரைக் கூட்டிவந்து சுவரை அளந்தார். கடை காலியாகப் போகிறதா என்று அன்றைக்கே நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

தீபாவளி இந்த ஆண்டு நவம்பர் 8. பலகாரச் சாமானுக்கும் மாவுக்கும் சென்னையில் ஜூலை நடுவிலேயே ஆர்டர் கொடுத்தாக வேண்டும், முன்பணமும் கட்ட வேண்டும். கடை இங்கே இருக்குமா என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது. அதனால் ஜூன் 30க்குள் நாம் சந்திக்க முடியாமல் போனால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு ஜூலை முதல் வேறு இடம் பார்க்கத் தொடங்குவேன். ஆகஸ்ட் 31 அன்று கடையைச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டு, முன்வைப்பாகக் கொடுத்த 19,500 வெள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. என்னை நம்பி இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

என் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் போதும், அல்லது ஆச்சி மூலம் சொல்லி அனுப்பினாலும் சரி. கடிதத்தின் ஒரு நகலை முகவருக்கும் கொடுத்திருக்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
க. முத்துலட்சுமி
கடை உரிமையாளர்