யெலேனா விக்தொரொவ்னா அவர்களுக்கு ஓர் இரங்கல் கடிதம்

கூடங்குளம்,
10 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய யெலேனா விக்தொரொவ்னா அவர்களுக்கு,

தங்கள் தாயார் நினா பாவ்லொவ்னா அவர்கள் பிப்ரவரி 3ஆம் தேதி பீட்டர்ஸ்பர்க்கில் காலமான செய்தி அறிந்து மிகவும் வேதனை அடைந்தேன். பிரிமீத்தெ மயீ இஸ்க்ரென்னியெ சபலெஸ்னவானியா. தங்களுக்கும், தம்பி ஆந்திரேய் விக்தொரொவிச்சுக்கும், குடும்பத்தார் எல்லோருக்கும் என் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

செய்தி வந்த அன்றே எழுதியிருக்கலாம். அடக்கமும் பிரார்த்தனையும் முடியட்டும், அந்த நேரத்தில் கடிதம் வேறு எதற்கு என்று பொறுத்திருந்தேன். கடைசி சில நாட்கள் நீங்கள் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தீர்கள் என்று இங்கே சொன்னார்கள். இவ்வளவு தூரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்த வகையில் மனதுக்கு ஓர் ஆறுதல்.

அம்மாவை நான் பார்த்தது ஒரே ஒரு குளிர்காலத்தில்தான். 2014 கடைசியில், முதல் அலகு வணிக உற்பத்திக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். நமக்கெல்லாம் வீட்டுக்குப் போக நேரமே இருக்காது. பகல் முழுக்க அம்மா குடியிருப்பில் தனியாக இருக்கிறார்களே என்று என் அம்மா அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். நீங்கள் மாலையில் வந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தால், அதெல்லாம் எங்களுக்கு முன்னமே தெரியும் என்பதுபோல் இருவரும் தலையாட்டுவார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் அம்மா மேசையில் சிந்தியிருந்த ரொட்டித் துகள்களை உள்ளங்கையால் மெதுவாகக் கூட்டி, மற்றொரு கையில் ஏந்தி வாயில் போட்டுக்கொண்டார்கள். யாரும் பார்க்க வேண்டும் என்று செய்ததில்லை. கை தானாகச் செய்த வேலை. அன்றைக்குத்தான் லெனின்கிராத் முற்றுகையைப் பற்றி நீங்கள் எங்களிடம் சொன்னீர்கள். 1941 நவம்பரில் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி, அப்போது அம்மாவுக்கு ஐந்து வயது, அந்தக் குளிர்காலத்துப் பனி உருகுவதற்குள் லடோகா ஏரியின் பனிப்பாதையில் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுவந்தது, ஊரிலேயே தங்கிவிட்ட பாட்டியை அதன் பிறகு பார்க்கவே இல்லை என்பது எல்லாம். நீங்கள் சொல்லி முடித்ததும் என் அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துவிட்டு வந்து அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டிலும் சோற்றைக் கொட்டுகிற வழக்கம் கிடையாது என்று உங்களைச் சொல்லச் சொன்னார்கள். நினா பாவ்லொவ்னா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பசியைப் பார்த்த ஒருவரிடம் கசப்பு என்பது துளியும் இல்லையே என்று நான் பல தடவை வியந்திருக்கிறேன். யார் வந்தாலும் முதலில் தேநீர், அப்புறம்தான் பேச்சு. அடுத்தவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஊருக்குத் திரும்பியபின் என் அம்மாவின் கால் வலிக்கு என்று கம்பளிக் காலுறை பின்னி உங்களிடம் கொடுத்து அனுப்பினார்கள். மார்கழி விடியற்காலையில் என் அம்மா இன்றும் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு சனவரி 27ஆம் தேதியும், முற்றுகை முழுதாக நீங்கிய அந்த நாளில், நீங்கள் அம்மாவை அழைத்துப் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவீர்கள் என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். இனி வரும் ஆண்டுகளில் அந்த நாள் உங்களுக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்பதும் புரிகிறது. 88 வயது நிறைவான வாழ்க்கை என்று சிலர் சொல்லக்கூடும். எந்த வயதில் போனாலும் அம்மா அம்மாதான்.

நாளை ஒன்பதாம் நாள். உங்கள் ஊர்க்காரர்கள் மாலையில் குடியிருப்பில் கூடி நினைவு விருந்து நடத்துகிறார்கள். எங்கள் பிரிவிலிருந்து எல்லோரும் போகிறோம். அம்மாவின் படத்துக்குக் கறுப்பு நாடா கட்டி வைத்துவிட்டார்கள். அரிசியும் தேனும் உலர்திராட்சையும் சேர்த்துக் குத்யா செய்ய என் மனைவி உதவுகிறாள். இங்கே உங்கள் முறைப்படியான தேவாலயம் இல்லை. அதனால் நம் பிரிவு அந்தோணி அண்ணன் கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலுக்குப் போய் அம்மாவின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அந்தக் கோயிலுக்கு அம்மா வந்தபோது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றது அவருக்கு நினைவிருக்கிறது. உங்களுக்கு இதில் சங்கடம் ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் நண்பர்களிடம் எங்கள் சார்பாகக் கல்லறையில் பத்து சிவப்புக் கார்னேஷன் மலர்களை வைக்கச் சொல்லியிருக்கிறோம். எல்லோருமாகச் சேர்த்த ஒரு சிறு தொகையும் அவர்கள் கையில் தருவார்கள். இது உங்கள் அலுவலகங்களிலும் வழக்கம்தானே. தயவுசெய்து மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றி ஒரு சொல். மூன்றாம் அலகின் ஆவணங்களில் உங்களிடம் இருந்ததை இரண்டு பேர் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பச் சொற்களுக்கு நீங்கள் தொகுத்துவைத்திருந்த பட்டியலை வைத்தே சமாளிக்கிறார்கள். மார்ச் 14 அன்று வரும் நாற்பதாம் நாள் வரை நீங்கள் ஊரிலேயே இருக்க விரும்பினால், விடுப்பு விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுக்கிறேன். மேலதிகாரியிடம் பேசியாகிவிட்டது, அவர் சரி என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் 29 ராதொனித்ஸா நாளில் கல்லறைக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், அதற்கும் ஏற்பாடு செய்யலாம். உங்கள் வீட்டுச் சாவி என் மனைவியிடம் பத்திரமாக இருக்கிறது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

என் அம்மா உங்களிடம் இதைச் சொல்லச் சொன்னார்கள்: "வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி தூக்கம் வரலைன்னா எந்நேரமானாலும் எனக்குப் போன் போடு. வந்ததும் நேரா நம்ம வீட்டுக்கு வா." அவர்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இந்த ஈடு செய்ய முடியாத இழப்பைத் தாங்கும் மனவலிமையை இறைவன் உங்களுக்கும் தம்பிக்கும் தர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தெர்ஷீத்தெஸ், யெலேனா விக்தொரொவ்னா. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நினா பாவ்லொவ்னா அவர்களின் ஆன்மா சாந்தியடையட்டும். த்சார்ஸ்த்வொ நெபெஸ்னொயெ. ஸ்வெத்லயா பாமித்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று எண்ண வேண்டாம்.

துயரில் பங்குகொள்ளும்,
சு. முத்துக்குமார்
மற்றும் பிரிவு நண்பர்கள் அனைவரும்