ஏ, ஐ, ஆர்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய பெருஞ்சாலையை ஒட்டிய கடைவரிசையில், கடைசியாக இருந்த சலவைக் கடைக்குக் கதவும் கிடையாது, ஆளும் கிடையாது. 24 மணி நேரமும் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருக்கும் அந்தக் கடைக்குள், மூன்று நாள் அழுக்குத் துணியை ஒரு பிளாஸ்டிக் கூடையில் சுமந்துகொண்டு மலர்விழி நுழைந்தபோது மாலை ஏழு மணி ஆகியிருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வீட்டிலிருந்த சலவை இயந்திரம் போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. மாமியார் மூத்த மகளின் பிரசவத்துக்காக ஈப்போவுக்குப் போயிருந்தார். செம்பனை ஆலையில் இரவு வேலைக்குக் கிளம்பிய கணவன், காலையில் வந்து தானே துவைத்துவருவதாகச் சொன்னான். அவள்தான் வேண்டாமென்றாள். வந்த நாளிலிருந்து, பாலுக்குப் போனாலும் பட்டாணிக்குப் போனாலும் துணைக்கு ஒருவர் வருகிறார். "ஊர்ப் பொண்ணு, பாவம், மலாய் தெரியாது" என்று கடைக்காரரிடம் அவள் முன்னாலேயே சொல்லிவிட்டு அவளுக்காக விலை பேசுகிறார். கல்லூரி வரை படித்தவளுக்குத் துணி துவைக்கவுமா துணை வேண்டும்?

அவளுக்குத் தைரியம் கொடுத்தது கடையின் பெயர்ப்பலகைதான். இந்த நாட்டில் மலாய் மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் எழுத்துக் கூட்டுவதில் அவளுக்குச் சிரமமில்லை. கூட்டி முடித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதுதான் சிரமம். ஆனால் இந்தப் பலகையின் முதல் சொல்லைக் 'கெடை' என்று வாசித்ததுமே, இது நம் 'கடை' அல்லவா என்று அவளுக்குப் பிடிபட்டது. அடுத்த சொல் 'டோபி'. தமிழ்நாட்டில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சொல். இரண்டு சொல்லுக்கு இரண்டு சொல் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில், மூன்றாவதாகவும் நான்காவதாகவும் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை.

நோட்டை விழுங்கிச் சில்லறை கக்கும் பெட்டியில் சிக்கல் இல்லை. 10 வெள்ளி நோட்டின் படம் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார்கள். நோட்டைச் செருகினாள்; செம்பருத்திப் பூ பொறித்த மஞ்சள் நிற 50 காசு நாணயங்கள் இருபது, கோவில் மணி குலுங்கினாற்போல் கிண்ணத்தில் வந்து விழுந்தன. அவற்றைத் துப்பட்டாவின் முனையில் முடிந்துகொண்டு இயந்திரங்களின் பக்கம் திரும்பினாள்.

இடது சுவரில் ஒரு வரிசை, வலது சுவரில் ஒரு வரிசை. எல்லாவற்றுக்கும் வட்டமான கண்ணாடிக் கதவு. ஒன்று துவைப்பது, ஒன்று காயவைப்பது என்பது வரை அவளுக்குத் தெரியும். எது எது என்பதுதான் கேள்வி. இடது வரிசை இயந்திரங்களில் மூன்று பொத்தான்கள் இருந்தன. மூன்றின் மேலும் முதல் சொல் ஒன்றே: ஏ, ஐ, ஆர். அதற்குப் பின்னால் ஒன்றில் 'செஜுக்', ஒன்றில் 'சுவாம்', ஒன்றில் 'பனாஸ்' என்று ஏதேதோ இருந்தன. அந்த மூன்றும் என்னவாகவோ இருக்கட்டும், 'ஏர்' என்றால் காற்று என்பது ஆறாம் வகுப்புப் பாடம். காற்றில் மூன்று வகை: மெல்லிய காற்று, நடுத்தரக் காற்று, பலத்த காற்று. ஆகவே இடது வரிசை காயவைக்கும் வரிசை. ஆகவே வலது வரிசை துவைக்கும் வரிசை. வலது வரிசைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த பலகையும் இந்த முடிவுக்குச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. அதன் முதல் வரியின் கடைசிச் சொல் 'காசுட்'. காசு போடும் இடத்தைத்தானே அப்படிச் சொல்லியிருப்பார்கள்? கணக்குப் பாடத்தில் ஒரு படியும் தவறாமல் தப்பான விடைக்கு வந்துசேர்வது என்பார்களே, அதுதான் அங்கே நடந்தது.

வலது வரிசையில் ஓர் இயந்திரத்தைத் திறந்து, கணவனின் எண்ணெய் படிந்த நீலச் சட்டைகளையும், சிலுவார்களையும், தன் சுடிதார்களையும், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா கொடுத்தனுப்பிய மதுரைச் சுங்குடிச் சேலையையும் போட்டாள். சோப்புத் தூளுக்கான அறை எங்கே என்று மேலும் கீழும் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், துணியின் மேலேயே இரண்டு கை அள்ளித் தூவினாள். எட்டு நாணயங்களைப் போட்டதும் சிவப்பு எண் 24 என்று காட்டியது. ஒற்றைப் பொத்தானை அழுத்தினாள். உருளை சுழன்றது.

நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வருவதற்காகக் காத்திருந்தாள். எண் 23 ஆனது. 22 ஆனது. கண்ணாடிக்குள் துணிகள் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தன. சோப்புத் தூள் மட்டும் மாவு மில்லில் பறப்பதுபோல் வெண்மையாகப் பறந்தது. தண்ணீர் வரவில்லை. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தவள் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அழுக்குத் துணிய எதுக்கு ஆயி காய வைக்கிற?"

வாசலில் ஒரு பாட்டி நின்றிருந்தார். கைலி, மேலே தொளதொளத்த சட்டை, ஒரு கையில் மடக்கிய குடை, மறு கையில் துணி மூட்டை. மலர்விழிக்குத் தொண்டை அடைத்தது. யாருடைய துணையும் வேண்டாமென்று வந்த இடத்தில், பார்த்த முதல் ஆளே தமிழில் கேட்கிறார் என்ற நிம்மதியும், கேட்ட கேள்வி அதுவாக இருக்கிறதே என்ற வெட்கமும் ஒன்றாக வந்தன.

"துவைக்கிற மெஷின்னு நெனச்சிட்டேன் பாட்டி."

"கதவத் தொற, அதுவா நின்னுரும். ஊர்லேருந்து வந்த பொண்ணா நீ?"

கதவைத் திறந்ததும் அனலும் சோப்பு நெடியும் முகத்தில் அடித்தன. இருவருமாகத் துணிகளை அள்ளி எடுத்தார்கள். சுங்குடிச் சேலையின் மடிப்புகளுக்குள் தூள் பொரிமாவுபோல் ஒட்டியிருந்தது. உருளையின் உட்புறத்தைப் பாட்டி ஒரு பழைய துணியை நனைத்துக் கொடுக்க, மலர்விழி தலையை உள்ளே விட்டுத் துடைத்தாள். அடுத்து வருகிறவரின் துணியில் ஒட்டிக்கொள்ளுமே என்று பாட்டி இரண்டு முறை துடைக்கச் சொன்னார்.

"அங்க ஏர்னு போட்டிருக்கு பாட்டி. காத்துன்னு நெனச்சேன்."

"ஏரா? அப்படி ஒண்ணும் மலாயில கெடையாதே. சரியாப் படி."

"ஏ, ஐ, ஆர்."

"எனக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது ஆயி. பத்து வயசுல அம்மாவோட கித்தா மரத்துக்குப் போனவ நான். விடியுறதுக்கு முன்னால நெத்தி வெளக்கக் கட்டிக்கிட்டுப் போனா, வெயில் ஏறினப்புறம் பால் வாளியோட வருவோம். பள்ளிக்கூடம் எங்க போறது? சின்னப் பிள்ளைக்குப் படிக்கிற மாதிரி எழுத்து எழுத்தாச் சொல்லு."

மலர்விழி பொத்தானுக்கு எதிரில் நின்று, ஆங்கிலத்தை மறந்துவிட்டு, தமிழில் எழுத்துக் கூட்டுவதுபோல் கூட்டினாள்: "அ... இ... ர்."

"ஆயேர்!" என்றார் பாட்டி. "தண்ணி! அது தண்ணி, ஆயி!"

செஜுக் என்றால் குளிர்ந்தது, சுவாம் என்றால் வெதுவெதுப்பு, பனாஸ் என்றால் சூடு. மூன்று வகைக் காற்று மூன்று வகைத் தண்ணீரானது. பாட்டி இத்தனை காலமும் நீலப் பொத்தான் குளிர்ந்த தண்ணீர், சிவப்புப் பொத்தான் சுடுதண்ணீர் என்று நிறத்தைப் பார்த்துத்தான் அமுக்கிவந்திருக்கிறார். நிறம் தேய்ந்துபோன இயந்திரத்தின் பக்கம் போவதே இல்லையாம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போகும் என்று மலர்விழி சொன்னதும், "அப்ப செஜுக்" என்றார். பத்து நாணயங்கள் உள்ளே போயின. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் சரசரவென்று இறங்கியதைப் பார்த்த பிறகுதான் மலர்விழிக்கு மூச்சு வந்தது. துப்பட்டா முடிச்சில் இரண்டு நாணயங்கள் மிச்சமிருந்தன. காயவைக்க எட்டு வேண்டும்.

"எந்துணியும் உந்துணியும் ஒண்ணாக் காயட்டும், விடு" என்றார் பாட்டி.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் வேறு வேலை இல்லை. பாட்டிக்குத்தான் ஒரு ஆசை வந்துவிட்டது. பேரன் பள்ளிக்கூடத்தில் படிப்பதெல்லாம் சரி, ஆனால் இரண்டு வரி படித்துச் சொல்லச் சொன்னால் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்க மாட்டானாம். கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி, இது என்ன, அது என்ன என்றார். மலர்விழி ஓசையைச் சொல்ல, பாட்டி பொருளைச் சொன்னார். இயந்திரத்தின் நெற்றியில் இருந்ததை அவள் "குகி" என்று வாசித்ததும், பாட்டி முழங்காலில் தட்டிச் சிரித்துவிட்டு, "சூச்சி! சூச்சின்னா கழுவுறது" என்றார். அந்த எழுத்து இங்கே 'ச' என்பது மலர்விழிக்கு அப்போது விளங்கியது. துவைக்கும் வரிசையில் இருந்ததெல்லாம் அவள் வாயால் வெளிவந்து பாட்டியின் வாயில் தமிழானது. பெயர்ப்பலகையில் அவள் விட்டுவிட்ட 'லாயான் டிரி' என்ற இரண்டு சொல்லுக்கு, நம்மை நாமே கவனித்துக்கொள்வது என்று பொருளாம். அதைக் கேட்டு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"மேல ஒரு பலகை இருக்கே, அது என்னான்னு ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்" என்று வலது சுவரைக் காட்டியபடியே, பாட்டி தன் மூட்டையை அவிழ்த்தார். மேலாக இருந்த கைலிகளை எடுத்து ஓர் இயந்திரத்தில் போட்டார். அடியில், சேறு அப்பிய ஒரு ஜோடிப் பள்ளிக்கூடச் சப்பாத்து இருந்தது.

அது காசு போடும் இடத்தைச் சொல்லும் பலகை என்று மலர்விழி இன்னமும் நம்பிக்கொண்டிருந்தாள். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்: "ஜாங்கான்... மாசுக்கான்... காசுட்."

பாட்டி பதில் சொல்லவில்லை. ஒரு கையில் ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றார். பிறகு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். அவள் சொன்னாள்.

"காசுன்னா இங்கயும் காசுதானே பாட்டி?"

"காசு இல்ல. காசோட்." பாட்டி கையிலிருந்ததை லேசாகத் தூக்கிக் காட்டினார். "இதுதான் காசோட். ஜாஙான்னா, கூடாது. இதப் போடக் கூடாதாம்."

"எவ்வளவு நாளாப் போடுறீங்க?"

"இவன் ஒண்ணாம் வகுப்புலேருந்து." பாட்டி மனத்துக்குள் கணக்குப் பார்த்தார். "இப்ப அஞ்சு."

இருவரும் கூரையின் மூலையிலிருந்த கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். வெளியே மழை வலுத்திருந்தது. நாளைக் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம். பாட்டி சப்பாத்தை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு, வாயை இறுக்கி முடிந்து, கைலிகளோடு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"இந்தப் பலகைய நீ இன்னிக்குப் படிக்கல ஆயி" என்றார்.

நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டார். தண்ணீர் இறங்கியது, சற்று நேரத்தில் சப்பாத்து கண்ணாடியில் தட்டத் தொடங்கியது. பலகையில் முதல் வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. பாட்டி அவற்றைப் படிக்கச் சொல்லவில்லை.