மாலைப் பணியிலிருந்து இரவுப் பணிக்கு ஒப்படைப்பு: மதிப்பீடு, ஆண்கள் மருத்துவ வார்டு

சிஸ்டர், நேற்று இரவு 7.30-க்கு நீங்கள் ஓவர் கொடுத்தபோது கூடவே நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் நல்லது. ஒவ்வொரு கட்டிலிலும் நோயாளியின் பெயரைக் கேட்டுக் கைப்பட்டையோடு ஒத்துப் பார்த்தீர்கள், ட்ரிப் ஏறுகிற கையைத் தொட்டு வீக்கம் இருக்கிறதா என்று காட்டினீர்கள். 3-ஆம் கட்டில்காரருக்குப் பென்சிலின் அலர்ஜி என்பதை கேஸ் ஷீட்டில் விரல் வைத்துச் சொன்னது ரொம்பச் சரி.

ஆனால் 6-ஆம் கட்டிலைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். சம்பா நடவு வயலில் கண்ணாடி விரியன் கடித்து வந்தவர், 4 மணிக்கு விஷமுறிவு மருந்து ஆரம்பித்தவர், வார்டிலேயே அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான். நீங்களோ 1-ஆம் கட்டிலில் வரிசையாகத் தொடங்கியதால் அவரிடம் வரும்போது இரவு சிஸ்டர் பாதி களைத்துவிட்டார், உங்களுக்கும் பஸ் அவசரம். "ஆறு மணி நேரம் கழிச்சு க்ளாட்டிங் பாக்கணும் சிஸ்டர்" என்றீர்கள், அவர் "சரி சிஸ்டர்" என்றார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் கிளம்பியதும் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டேன். காலை 6 மணி என்றார். பார்க்க வேண்டியது இரவு 10 மணிக்கு! ரத்தம் உறையாமல் இருந்தால் மறுபடி மருந்து போட வேண்டிய நேரம் அது, காலை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இனி கடிகார நேரத்தைச் சொல்லுங்கள், அவர் வாயால் திருப்பிச் சொல்லவும் வையுங்கள். தலையாட்டுவதை வைத்துப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவருடைய யூரினும் அப்படித்தான். "கொஞ்சம் கம்மி" என்றீர்கள், பையில் மூன்றரை மணி நேரத்துக்கு 60 மில்லிதான் இருந்தது. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அளவைச் சொல்லி, டாக்டரிடம் தெரிவித்தாயிற்றா இல்லையா என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த அவர் மனைவி யூரின் சிவப்பாக வருகிறது என்று சொல்ல வாயெடுத்தார், நீங்கள் கவனிக்கவில்லை. நான் கேட்டுத்தான் டாக்டருக்குப் போன் செய்தோம்.

8-ஆம் கட்டில் சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் போட்டதைச் சொன்னீர்கள், அவர் சாப்பிட்டாரா என்பதைச் சொல்லவில்லை. இட்லி பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அப்புறம், 11-ஆம் கட்டில்காரரின் குடிப்பழக்கத்தை உறவினர்கள் முன் சத்தமாகச் சொல்ல வேண்டாம், அதை மேசையிலேயே பேசிக்கொள்ளலாம்.

முழுமை பரவாயில்லை, தெளிவு சுமார், முன்னுரிமையும் புரிந்ததா என்று சரிபார்ப்பதும் போதாது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நாளை மாலையும் நான் கூட நிற்பேன், 6-ஆம் கட்டிலிலிருந்து தொடங்குங்கள்.